நெறியாளர் மார்ச்சில் சொன்னது ஒன்று, ஆகஸ்டில் கேட்டது வேறு

கேள்வி: ஐயா, நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பகலில் பள்ளி வேலை, இரவில் வரலாற்றில் முதுகலை ஆய்வு. 1874க்குப் பிறகு மதராஸிலிருந்து நேட்டாலுக்கு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியலை வைத்துத் தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுதுகிறேன். பட்டியலில் ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்பதால், “கிராமம் வேண்டாம், மாவட்டத்தை வைத்துக்கொள்” என்று மார்ச்சில் என் நெறியாளர் அம்மையார் சொன்னார். அப்படியே செய்தேன். ஆகஸ்டில் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “ஏன் மாவட்டத்தோடு நிறுத்திவிட்டாய்? வட ஆற்காட்டை எப்படி முழுக்கத் தமிழ் என்று எண்ணினாய்?” என்கிறார். “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்று சொல்ல வாய் வரவில்லை. ஆய்வுக் குறிப்பேடு எழுது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். பாதி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாகவும் மீதி புலம்பலாகவும் போகிறது. என்னதான் எழுதுவது? அதை அவரிடம் காட்டலாமா? போன ஐந்து மாதத்தை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நெறியாளர் பேச்சை மாற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மார்ச்சில் அவர் பார்த்தது ஒழுங்கில்லாத ஒரு எக்செல் தாள். அதைச் சீராக்க வழி சொன்னார். ஆகஸ்டில் அவர் படித்தது ஒரு வாதம். இத்தனை தமிழ்ப் பெண்கள் வந்தார்கள் என்று எழுதியிருப்பீர்கள், அதற்கு மாவட்டம் போதுமா என்று கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் எப்போது இரண்டாவதற்கும் பதிலாக மாறியது என்பது எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். குறிப்பேடு வேண்டியிருப்பது இதற்கு. “அன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்” என்று நிரூபிக்கச் சாட்சி சேர்க்கும் எண்ணத்தில் தொடங்கினால் சீக்கிரமே நின்றுபோகும். நிற்காவிட்டாலும் உங்கள் இருவருக்கும் இடையில் கசப்பைத்தான் வளர்க்கும்.

உங்கள் குறிப்பு புலம்பலாகப் போவதற்கும் காரணம் இருக்கிறது. நடந்தது, அவர் சொன்னது, நீங்கள் புரிந்துகொண்டது, உங்களுக்கு ஏற்பட்ட எரிச்சல் எல்லாம் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிடுகின்றன. “கிராமத்தை எடுக்கச் சொல்லிவிட்டார், இனி எல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்” என்று எழுதினால் அதில் செய்தியும் கொஞ்சம், கோபமும் கொஞ்சம். ஐந்து மாதம் கழித்துப் படிக்கும்போது கோபம் மட்டும் தெளிவாகத் தெரியும். அவற்றைப் பிரித்து எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் மார்ச் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். அன்றிரவு இப்படி ஒரு பதிவு எழுதியிருந்தால் போதும். தேதியும் விவரமும் உதாரணத்துக்கு நான் போட்டவை.

> 2025-03-12. பட்டியலில் உள்ள இடப்பெயர்களை எப்படிப் பதிவது?
>
> சிக்கல்: கிராமப் பெயர்களை எழுத்தர்கள் காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஊரா, வேறு ஊரா என்று பல இடங்களில் தீர்மானிக்க முடியவில்லை.
>
> இருந்த வழிகள்: கிராமம் வரை பதிவது, வட்டம் வரை பதிவது, மாவட்டத்தோடு நிறுத்துவது.
>
> நெறியாளர் சொன்னது: “கிராமம் வேண்டாம், மாவட்டத்தை வைத்துக்கொள்.”
>
> நான் புரிந்துகொண்டது: எண்ணிக்கை அட்டவணைக்கு மட்டும் சொன்னாரா, ஆய்வு முழுவதற்குமா என்று தெரியவில்லை. முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.
>
> முடிவு: அட்டவணையில் மாவட்டம் மட்டும். மற்றப் பத்திகளை அழிக்காமல் மறைத்து வைக்கிறேன்.
>
> இதனால் இழப்பது: ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடுகள்.
>
> திரும்பப் பார்க்க வேண்டிய நேரம்: மொழியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஏதாவது சொல்லப் போகும்போது.

எழுத கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இதில் எந்த வரி உண்மையில் வேலை செய்கிறது என்று பாருங்கள். முடிவு என்ற வரி இல்லை. முடிவு உங்கள் எக்செல் தாளிலேயே தெரிகிறது, தனியாக எழுதாவிட்டாலும் தொலையாது. தொலைந்துபோவது மற்றவைதான். வேறு என்ன வழிகள் இருந்தன, அந்த முடிவால் எதை விட்டுக்கொடுத்தோம், எந்த நிலை வந்தால் அது செல்லாமல் போகும் என்பவை. கடைசி இரண்டு வரிகள் மார்ச்சில் இருந்திருந்தால், “தமிழ்ப் பெண்கள்” என்று எண்ணத் தொடங்கிய ஜூன் மாதமோ ஜூலை மாதமோ நீங்களே நின்றிருப்பீர்கள். ஆகஸ்டில் அவர் கேட்டது உங்கள் கேள்வியாகவே முன்கூட்டி வந்திருக்கும்.

“நான் புரிந்துகொண்டது” என்ற வரிதான் இந்தக் குறிப்பேட்டை வெறும் பதிவேட்டிலிருந்து பிரிக்கிறது. சிந்தித்து எழுதும் குறிப்பேடு என்றதும் பலர் மனநிலையைப் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. அவர் சொன்னதற்கும் நீங்கள் எடுத்துக்கொண்டதற்கும் நடுவில் என்ன இட்டு நிரப்பினீர்கள் என்று ஒரு வரியில் ஒத்துக்கொண்டால் போதும். “முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று கையால் எழுதும்போதே, கேட்டுவிடலாமே என்று தோன்றும்.

சரி, இப்போது ஆகஸ்ட். இங்கே ஒரு விதி. மார்ச் பதிவைத் தொடக்கூடாது. அது தவறாகத் தெரிந்தாலும் திருத்தாமல், கீழே புதிய தேதியோடு புதிய பதிவு எழுதி, “மார்ச் 12 முடிவு மாறுகிறது” என்று குறிப்பிடுங்கள். பழையதைத் திருத்தி அழகாக்கிவிட்டால், அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது மறைந்துவிடும். வரலாறு படிப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புதிய பதிவில் வர வேண்டிய விஷயம் இந்த முறை கனமானது. நெறியாளரின் கேள்வி நியாயமானது. நீங்கள் எழுதும் காலத்தில் வட ஆற்காடு மாவட்டம் தமிழும் தெலுங்கும் கலந்த பெரிய நிலப்பரப்பு. 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. சித்தூர், சந்திரகிரி, பலமனேர் போன்ற வட்டங்கள் அதுவரை வட ஆற்காட்டில் இருந்தவை. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் வந்ததும் அதே 1911இல் நின்றுபோனது. ஆக, உங்கள் கப்பல்களில் “வட ஆற்காடு” என்று பதிவான ஒரு பெண் வந்தவாசிக்காரியாகவும் இருக்கலாம், சந்திரகிரிக்காரியாகவும் இருக்கலாம். இருவரையும் தமிழ்ப் பெண்கள் என்று ஒரே கட்டத்தில் போட்டது மார்ச் முடிவின் விளைவு.

அதற்காகக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கிராமப் பெயர்களின் குழப்பம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் வட்டம் இருக்கிறது. வட்டங்களின் பெயர்கள் குறைவு. எழுத்தர் எப்படிக் கொலை செய்து எழுதியிருந்தாலும் அந்தக் காலத்து மதராஸ் மாகாண வட்டப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவற்றை அடையாளம் காணலாம். எந்த எழுத்துக்கூட்டலை எந்த வட்டம் என்று எடுத்தீர்கள் என்பதற்குத் தனியாக ஒரு தாள் வையுங்கள். சந்தேகமானவற்றை ஊகித்து நிரப்பாமல் “தெரியவில்லை” என்றே விடுங்கள். எல்லாப் பட்டியல்களையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு கப்பலை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள். அடையாளம் தெரியாதவை பாதிக்கு மேல் போனால் வட்டமும் உதவாது என்று அர்த்தம். அந்த முடிவும் குறிப்பேட்டில் வர வேண்டியதுதான்.

வட்டமும் மொழியாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். எல்லை வட்டங்களில் வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி. தமிழ் வட்டங்களிலும் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. பெயரையோ சாதிப் பத்தியையோ பார்த்து மொழியைச் சொல்லலாம் என்று ஆசை வரும். நாயுடு என்று எழுதியிருப்பதை வைத்து ஒரு பெண் என்ன மொழி பேசினாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஆகஸ்ட் பதிவில் “இழப்பது” என்ற இடத்தில், தமிழ் அதிகம் வழங்கிய வட்டங்களிலிருந்து வந்த பெண்கள் என்பதற்கு மேல் சொல்ல முடியாது என்று எழுத வேண்டியிருக்கும். அதை எழுதும்போது ஆய்வேட்டின் தலைப்பே சற்று மாற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் அடுத்த சந்திப்புக்கு முதல் விஷயம் அது.

இனி நெறியாளர் சொல்வதைப் பதிவது பற்றி. நெறியாளர்கள் பேசுவதெல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. “இதைச் செய்” என்று சொல்வது ஒன்று. “இப்படிச் செய்து பார்க்கலாமே” என்பது இன்னொன்று. மூன்றாவது, அவர் உங்கள் முன்னால் உரக்க யோசிப்பது. நான் ஆய்வு வழிகாட்டியாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், மூன்றாவது வகைதான் அதிகம். மாணவர்கள் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஒரு மாதம் உழைத்துவிட்டு வருவார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் கட்டளை, யோசனை, பேச்சு என்று ஒரு சொல் போடுங்கள். எது என்று தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சங்கடமில்லாத வழி, சந்திப்பு முடிந்த அன்றே ஒரு சின்ன மின்னஞ்சல். “இன்று பேசியதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: அட்டவணையில் மாவட்டம் மட்டும் வைக்கிறேன், வட்டப் பத்தியை இப்போதைக்குப் பயன்படுத்தவில்லை. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.” இவ்வளவுதான். ஐந்தாறு வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டார். பதில் வந்தால் அதைக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். வராவிட்டால் “அனுப்பினேன், பதில் இல்லை” என்று எழுதுங்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த சந்திப்பில் முதல் நிமிடத்தில் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வேர்ட் கோப்பின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகள்தான் அதிகம் காணாமல் போகின்றன. திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, சுத்தமான பிரதி தயாரிக்கும்போது அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து வேலை தொடங்கும் முன் ஒரு பிரதியை `2025-08-20_ch2_comments.docx` என்பது போல் தேதியோடு சேமித்து, அதை அப்புறம் தொடாமல் விடுங்கள். வருடத்தை முதலில் போட்டால் கோப்புகள் தானாகவே கால வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப் குரல் செய்தியில் கருத்துச் சொல்கிறவராக இருந்தால் அன்றே கேட்டு இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். கைபேசி மாறும்போது குரல் செய்திகள் போய்விடலாம். குறிப்பேட்டை மடிக்கணினியில் மட்டும் வைக்காமல் இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். லோட் ஷெடிங் காலத்தில் சேமிக்காத வேலையை இழந்தவர்கள் நம் ஊரில் குறைவா என்ன!

புலம்பலை என்ன செய்வது? எழுதுங்கள், ஆனால் வேறு கோப்பில். மாதம் ஒருமுறை அதைப் படித்து, அதற்குள் ஏதாவது கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். “அத்தியாயத்தை முழுசாகப் படிக்கவேயில்லை” என்று எழுதியிருந்தால், அவருடைய குறிப்புகள் எந்தப் பக்கத்தோடு நிற்கின்றன என்று போய்ப் பாருங்கள். எட்டாம் பக்கத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்றால், “எட்டாம் பக்கத்துக்குப் பிறகு சரியாக இருக்கிறதா, இல்லை இன்னும் பார்க்கவில்லையா?” என்று கேட்கலாம். அந்தக் கேள்வி குறிப்பேட்டுக்கு வரலாம். கோபம் பழைய கோப்பிலேயே இருக்கட்டும். ஒரே குறை மூன்று முறை வந்திருந்தால் அது மனநிலை அல்ல, நேரில் பேச வேண்டிய விஷயம்.

அவரிடம் காட்டலாமா என்று கேட்டீர்கள். முடிவுப் பதிவுகளைத் தாராளமாகக் காட்டலாம். சந்திப்புக்கு முன் கடைசி இரண்டு மூன்றை அனுப்பி வைத்தால் பேச்சு எங்கே விட்டதோ அங்கிருந்து தொடங்கும். பகுதிநேர மாணவருக்கு இது பெரிய லாபம், இரண்டு சந்திப்புக்கு நடுவில் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. புலம்பல் கோப்பைக் காட்ட வேண்டாம், பல்கலைக்கழகக் கணினியிலும் வைக்க வேண்டாம். இன்னொன்று. கப்பல் பட்டியலில் இருப்பவர்கள் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அவர்களுடைய பேத்திகளையோ கொள்ளுப்பேத்திகளையோ சந்தித்துப் பேசப் போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. உயிரோடு இருப்பவரை அடையாளம் காட்டும் தகவலுக்குத் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா பொருந்தும். அப்போது குறிப்பேட்டிலும் அவர்கள் பெயரோ தெருவோ வரக்கூடாது, குறியீடு மட்டும்தான். யாருக்கு எந்தக் குறியீடு என்ற தாள் தனியாகப் பூட்டி இருக்க வேண்டும். பேட்டி எடுப்பது முதல் திட்டத்தில் இல்லாத ஒன்று என்றால், முதல் பேட்டிக்கு முன்னாலேயே அறநெறிக் குழுவின் அனுமதியில் மாற்றம் கேட்க வேண்டும்.

அடுத்து, போன ஐந்து மாதம். முழுவதையும் மீட்க முயல வேண்டாம். அத்தியாயத்தைப் பாதித்த முடிவுகளை மட்டும் எடுங்கள், ஏழெட்டுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். மின்னஞ்சல்கள், கோப்புகளின் பழைய பிரதிகள், அவை கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதிகள், நாட்காட்டி இவற்றை வைத்து ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஆனால் மேலே இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். “மார்ச் சந்திப்பு பற்றி, செப்டம்பரில் நினைவிலிருந்து எழுதியது, ஆதாரம் இந்த மின்னஞ்சல்” என்று போடுங்கள். மார்ச் தேதி போட்டு எழுதினால் அது பொய்ப் பதிவு. இப்போது தெரிந்த காரணத்தை அன்றைய காரணமாக எழுதிவிடவும் மனம் தூண்டும். வட ஆற்காட்டின் மொழிச் சிக்கல் மார்ச்சில் உங்கள் நினைவில் இல்லையென்றால், இல்லை என்றே எழுதுங்கள்.

இதெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்றால், ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில். இங்கே பெரும்பாலான துறைகளில் முதுகலை ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு கிடையாது. உங்களைப் பார்த்தே இராத தேர்வாளர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து படித்துவிட்டு அறிக்கை எழுதுவார். “ஏன் வட்டம்?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். குறிப்பேட்டின் இரண்டு பதிவுகளிலிருந்து ஒரு பத்தி எழுதிவிடலாம். கிராமப் பெயர்களை நம்ப முடியாததால் முதலில் மாவட்டம் வரை பதிந்தேன், மொழியைப் பற்றி எழுத அது போதவில்லை, எனவே வட்டத்துக்கு மாறினேன், அடையாளம் காண முடியாதவை இத்தனை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதில் நெறியாளரின் பெயர் வராது. அறிவுரை அவருடையது, முடிவு உங்களுடையது. எழுதும்போது “நான்” என்றுதான் வரும்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது நினைவிலிருந்து எழுதிய மார்ச் பதிவையும் ஒரு கப்பலை வட்டவாரியாகப் பிரித்த தாளையும் ஒரே பக்கத்தில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். “மார்ச்சில் எழுத்துக்கூட்டலுக்காக மாவட்டம் என்று முடிவெடுத்தோம். மொழிக்கு அது போதாது என்று இப்போது புரிகிறது. வட்டம் வரை போகலாமா, அல்லது தலைப்பிலிருந்து ‘தமிழ்’ என்பதை எடுத்துவிடலாமா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்குப் பக்கத்தில் கட்டளையா யோசனையா என்று அங்கேயே குறித்துக்கொண்டு, அன்றிரவே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.